இதயத் துடிப்பை விடுங்கள், அப்பாவின் கைபேசியைப் பாருங்கள்

பொதுத்தேர்வு முடிவுக்குக் காத்திருப்பதைப் பற்றி வரும் மாணவர் நகைச்சுவைப் பதிவுகளைப் படித்தால் எனக்குப் பெரும்பாலும் சிரிப்பு வருவதில்லை, கொட்டாவிதான் வருகிறது. ‘முடிவு வரும் நாளில் என் இதயம்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே யாரோ ஒரு நடிகர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காட்சி. இதே வரியை அரூரில் பிளஸ் டூ எழுதியவனும் போடலாம், டெல்லியில் வங்கித் தேர்வு எழுதியவனும் போடலாம். போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் படிக்கும் ஒரு நகைச்சுவைப் பக்கத்துக்கு வாசகம் எழுதித் தருபவர்களில் நானும் ஒருவன். ஏப்ரல் பிறந்ததும் உள்பெட்டி நிரம்பத் தொடங்கிவிடும். வருவதில் எதை எடுப்பது, எதைத் தள்ளுவது என்பதில் நான் கொஞ்சம் கறாரானவன். காத்திருப்பவனின் கண் அந்த நேரத்தில் எதன் மேல் இருக்கிறது என்று வாசகத்தில் தெரிய வேண்டும். பயம் எல்லா வீட்டிலும் ஒரே பயம்தான். அது எங்கே போய் ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் வீட்டுக்கு வீடு மாறுகிறது.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பிய வாசகத்தைச் சொல்கிறேன். முதலில் அவன் அனுப்பியது இது:

“முடிவு வருவதற்கு முன்பே எனக்கு வியர்த்துவிட்டது.”

மே மாதத்தில் தர்மபுரியில் யாருக்குத்தான் வியர்க்காது? முடிவை எதில் பார்ப்பாய் என்று அவனிடம் கேட்டேன். இணையதளம் எப்படியும் முதல் அரை மணி நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் குறுஞ்செய்தியைத்தான் நம்பியிருக்கிறேன் என்றான். முடிவு வெளியானதும், பள்ளியில் பதிவாகியிருக்கும் கைபேசி எண்ணுக்கு மதிப்பெண்கள் குறுஞ்செய்தியாகப் போகும். எங்கள் பக்கத்தில் அந்த எண் அநேகமாக அப்பாவுடையதாக இருக்கும். அவன் அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். கைபேசியும் அவரோடு பெங்களூரில்தான் இருக்கிறது.

வியர்வையை அழித்துவிட்டு, இதை எழுது என்றேன். மறுநாள் வந்தது:

“என் மதிப்பெண் எனக்கு முன்பே அப்பாவுக்குத் தெரிந்துவிடும்.”

இதில் உண்மை வந்துவிட்டது. ஆனால் அந்தக் காலை நேரம் இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்பா அப்போது என்ன செய்துகொண்டிருப்பார் என்று கேட்டேன். பூச்சு வேலை என்றான். அதற்கு அடுத்து வந்ததைத்தான் பக்கத்தில் போட்டோம்:

“குறுஞ்செய்தி அப்பாவின் எண்ணுக்குப் போய்விட்டது. அப்பா பெங்களூரில் மூன்றாவது மாடியில் சுவர் பூசிக்கொண்டிருக்கிறார். அவர் கை கழுவும் வரை நான் தேர்ச்சியும் இல்லை, தோல்வியும் இல்லை.”

அந்தக் கை கழுவுதல் இல்லாவிட்டால் இதில் ஒன்றுமே இல்லை. முடிவு வந்தாகிவிட்டது, அது சட்டைப்பையில்தான் இருக்கிறது, எடுத்துப் பார்க்க ஈரக் கை தடை. காத்திருப்பு என்றால் இப்படித்தான் இருக்கும். நான்காவதாக ஒரு வரியும் சேர்த்திருந்தான்: ‘என் அப்பாதான் என் கடவுள்.’ அதை நான் வெட்டிவிட்டேன். பையனுக்குக் கொஞ்சம் வருத்தம். கடவுள் வந்தால் எல்லோரும் கும்பிடுவார்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று சமாதானம் சொன்னேன்.

நள்ளிரவுக் கணக்கு பற்றி வரும் வாசகங்களும் எனக்குப் பிடிக்கும், கணக்கு சரியாக இருந்தால். பிளஸ் டூவில் செய்முறை உள்ள பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அக மதிப்பீடு 10. தேர்ச்சிக்கு வேண்டியது 35. இயற்பியல் கவிழ்த்துவிட்டது என்று பயப்படுகிறவன் இரவு இரண்டு மணிக்கு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, செய்முறையும் அக மதிப்பீடும் முழுதாகக் கிடைத்தால் 30 கையில் இருக்கிறது, இன்னும் 5 போதும் என்று மனதைத் தேற்றிக்கொள்வான். அப்போதுதான் எழுத்துத் தேர்வில் தனியாகக் குறைந்தது 15 எடுத்தாக வேண்டும் என்ற விதி நினைவுக்கு வரும். காரிமங்கலத்திலிருந்து வந்த வாசகம் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்திருந்தது:

“இரவு 2:00: ஐந்து மதிப்பெண் போதும், தூங்கலாம். 2:10: பதினைந்து வேண்டும், எழுந்து உட்காரலாம். 2:30: ஒரு மதிப்பெண் வினாக்களே 15 இருந்தன, படுக்கலாம். 2:31: அதில் எத்தனை சரி?”

இயற்பியல் வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15 என்பது எழுதியவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். எழுதாதவர்களுக்குப் புரியாமல் போனாலும் பரவாயில்லை என்று துணிந்து போட்டோம். புரிந்தவர்கள் கேள்வி எண்ணோடு வந்து பின்னூட்டத்தில் சண்டை போட்டார்கள்.

உறவினர்களைக் கிண்டல் செய்யும் வாசகங்களுக்குப் பஞ்சமே இல்லை. ‘என்ன மார்க்?’ என்று கேட்கும் அத்தையைப் பற்றி இன்னும் ஒரு பதிவு வந்தால் அந்த அத்தைகள் சங்கம் வைத்துவிடுவார்கள். புதிதாக ஏதாவது தெரிந்தால்தான் எடுக்கிறேன். பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 2018 வரை 1200. 2019 முதல் 600. மாணவனுக்கு இது பழைய செய்தி, மாமாவுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை:

“520 என்றேன். மாமா தோளைத் தட்டி, பரவாயில்லை, ஐ.டி.ஐ.யிலும் நல்ல எதிர்காலம் இருக்கிறது என்றார். மாமா இன்னும் 1200-லேயே இருக்கிறார்.”

இன்னொன்று ஒரே வரிதான், பாப்பிரெட்டிப்பட்டிப் பெண் ஒருவர் எழுதியது. “மாநிலத்தில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-இல் நிறுத்திவிட்டது, எங்கள் தெரு இன்னும் நிறுத்தவில்லை.” இதில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை.

2025-இல் பிளஸ் டூ முடிவு மே 9 என்று சொல்லியிருந்து, மே 8-ஆம் தேதி காலையிலேயே வெளியிட்டுவிட்டார்கள். காத்திருப்பைக் குறைத்தால் நல்லதுதானே என்று பெரியவர்கள் சொன்னார்கள். காத்திருந்தவனுக்கு அந்த கடைசி நாளில் பெரிய திட்டங்கள் இருந்தது அவர்களுக்குத் தெரியாது:

“ஒரு நாள் முன்னதாக வெளியிடுகிறார்களாம். அந்த ஒரு நாளில்தான் அதியமான்கோட்டை காலபைரவரைப் பார்த்துப் பேசுவதாக இருந்தேன்.”

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மே மாதம் என்றால் மா. அறுவடை, மண்டி, கூழ் ஆலைக்குப் போகும் லாரிகள். முடிவு வருவதும் அதே மாதத்தில். தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் காத்திருப்பது காய் பறிக்கும் கோலோடுதான். அவர்களிடமிருந்து வந்தது:

“மே மாதம் கிருஷ்ணகிரி முழுவதும் ஒரே கேள்விதான்: காயா, பழமா? மண்டிக்காரர் மட்டும்தான் மாங்காயைப் பற்றிக் கேட்கிறார்.”

இதற்கு நேர்மாறாக ஒன்றும் வந்தது. எங்கள் குழுவில் அதை எடுப்பதா வேண்டாமா என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. கூழ் ஆலைகள் அதிகம் வாங்கும் இரகம் தோத்தாபுரி. அந்தப் பெயரில் இருக்கும் சிலேடையை நான் விளக்க வேண்டியதில்லை. தேர்ச்சி பெறாதவனின் ஊர் எது என்று கேட்டு, விடையாக ஒரு மாம்பழப் படம். சிரிப்பு வருகிறதா என்றால் வருகிறது, நானும் சிரித்தேன். ஆனாலும் வேண்டாம் என்றேன். மற்ற வாசகங்களில் அகப்பட்டுக்கொள்வது மாமா, இணையதளம், விதிமுறை, மிஞ்சிப்போனால் காலபைரவர். இதில் அகப்படுவது முடிவு வந்த பிறகு வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்கும் பையன். அவனும் எங்கள் பக்கத்தைப் படிப்பவன்தான். முந்தின இரவு வரை எங்களோடு சேர்ந்து சிரித்தவனை மறுநாள் காலையில் படத்தில் வைத்துச் சிரிப்பது எனக்கு ஒப்பவில்லை. நகைச்சுவைப் பக்கத்துக்கு இவ்வளவு கறார் தேவையா என்று ஒருவர் கேட்டார். தேவை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். மாம்பழம் போகவில்லை.

அதே காரணத்துக்காக நேரமும் முக்கியம். காத்திருப்பு வாசகங்களை முடிவு வெளியாகும் நேரத்துக்கு முன்பே போட்டு முடித்துவிடுவோம். காலை ஒன்பது மணிக்கு முடிவு என்றால் கடைசி வாசகம் எட்டே முக்காலுக்கு. அது பெரும்பாலும் பிறந்த தேதிப் பெட்டியைப் பற்றியதாக இருக்கும். பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் போட்டால்தான் மதிப்பெண் தெரியும். வீட்டில் கொண்டாடும் பிறந்தநாள் ஒன்று, பள்ளியில் சேர்த்தபோது எழுதிய பிறந்தநாள் வேறொன்று என்று இருக்கும் வீடுகள் எங்கள் பக்கத்தில் இன்னும் உண்டு. “நான் என்று பிறந்தேன் என்பதில் அம்மாவுக்கும் அரசுக்கும் கருத்து வேறுபாடு. இன்று மட்டும் நான் அரசின் பக்கம்.” ஒன்பதுக்குப் பிறகு நகைச்சுவை இல்லை. துணைத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம், மறுமதிப்பீடு வேண்டுமானால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது போன்ற தகவல்களும், மனம் உடைந்தவர்கள் பேசுவதற்கான 104, 14416 ஆகிய எண்களும் மட்டுமே. அன்று விருப்பக் குறிகள் குறைவாகத்தான் விழும். விழட்டும்.

இந்த ஆண்டு வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்ததை எழுதியது பாலக்கோடு பக்கத்துத் தங்கை ஒருத்தி. இங்கே சில வீடுகளில் பெண் பிள்ளைகள் காத்திருப்பது மதிப்பெண்ணுக்காக மட்டும் இல்லை. பொதுத்தேர்வு முடிந்ததும் வீட்டில் பேச்சு மாறத் தொடங்கும். கல்லூரி என்ற பேச்சு ஒரு பக்கம், மாப்பிள்ளை என்ற பேச்சு மறுபக்கம். அவள் எழுதியது:

“கடைசித் தேர்வு முடிந்த மறுநாளே வீட்டில் என் ஜாதகத்தை எடுத்துவிட்டார்கள். இரண்டு முடிவுகளுக்குக் காத்திருக்கிறேன். ஒன்றை மட்டும்தான் அரசு வெளியிடும்.”

பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தாள், போடவில்லை. அந்தப் பதிவில் சிரிப்புக் குறி போட்டவர்களில் பாதிப் பேர் பெண்கள். பின்னூட்டத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. தோழிகளின் பெயரை மட்டும் ஒருவருக்கொருவர் குறியிட்டுக்கொண்டே போனார்கள். முடிவு வந்த அன்று மாலை அவளிடமிருந்து உள்பெட்டிக்கு ஒரு செய்தி வந்தது. 551. கல்லூரி விண்ணப்பத்துக்கு எந்தெந்தச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டிருந்தாள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி என்றால் அதற்கும் ஒரு சான்றிதழ், எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் நாளைக்கே விண்ணப்பித்துவிடு என்று எழுதினேன். ஜாதகம் என்ன ஆயிற்று என்றும் கேட்டேன். “அது மறுகூட்டலில் இருக்கிறது அண்ணா” என்று பதில் வந்தது.