கேள்வியே வீட்டை மாற்றுமா?

“ஒரே வீட்டில் மாதாமாதம் போய் ஆய்வுக் கேள்விகள் கேட்டால் பதில் துல்லியமாகும், கேள்வி கேட்டதால் யாரும் மாறிவிட மாட்டார்கள்.” (மேலூர் வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி)

இது தவறு. மேற்குக் கென்யாவில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றி இரு வாரத்துக்கு ஒருமுறை கேட்கப்பட்ட வீடுகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்கப்பட்டவற்றைவிட அதிகமாகக் குடிநீரில் குளோரின் கலந்தன. அறிவுரை எதுவும் தேவைப்படவில்லை, கேள்வியே நினைவூட்டலாகியிருக்கலாம்.

மேலூர்ப் பக்கம் இதைக் கண்டறிய வேண்டுமென்றால், தொடக்கத்திலேயே 600 வீடுகளைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்து, 300 வீடுகளுக்கு மாதந்தோறும் செல்ல வேண்டும். மற்ற 300-க்குக் கடைசி மாதம் மட்டுமே, அதே கேள்வித்தாளோடு, அதே களப்பணியாளர்கள் செல்ல வேண்டும். அம்மாதம் தெரியும் வேறுபாடு, தற்செயல் அளவைத் தாண்டினால், கேள்வியின் விளைவு. பாதியில் விலகிய வீடுகளைக் கணக்கில் கொள்ளாவிட்டால் இந்த ஒப்பீடு பிசகும், ஏனெனில் எஞ்சி நிற்பவர்கள் பெரும்பாலும் அக்கறை மிகுந்தவர்களே.

பழக்கம் மாறியதா, பதில் மட்டும் மாறியதா என்பது வேறு கேள்வி. “குளோரின் போடுகிறோம்” என்று சொல்லும் வீட்டுக் குடத்து நீரில் சோதனைத் துளிகளை விட்டால், நிறம் ஏறாத நீர் அந்தப் பதிலை ஐயத்துக்குள்ளாக்கும். எல்லாப் பொருளிலும் இவ்விளைவு வருவதில்லை. கென்ய முடிவு வெளியான அதே 2011 கட்டுரையில் இடம்பெற்ற வேறு இரு ஆய்வுகளில், நுண்கடன் வாங்குவதைக் கேள்விகள் மாற்றியதாகத் தெரியவில்லை.