கீசர்ஸில் தீர்ந்தது எது?

"பூமிக்குள் இருக்கும் சூடு தீராது என்றால், கலிபோர்னியாவின் கீசர்ஸ் என்ற புவிவெப்ப மின்நிலையங்களில் மின்சாரம் ஏன் குறைந்தது?"

தண்ணீர் குறைந்ததால்தான். அங்கே ஆழத்தில் இருக்கும் மாக்மா மேலே உள்ள பாறையைச் சூடாக்குகிறது. பாறை வெடிப்புகளில் ஏறக்குறைய 240 டிகிரியில் நீராவி அடைபட்டிருக்கிறது. கிணறு போட்டால் ஆவி தானே பீறிட்டு வரும், நேராக டர்பைனுக்கு விடலாம். 1960 முதல் அப்படித்தான் ஓடியது. ஆனால் டர்பைனைச் சுற்றிய ஆவியில் பெரும்பகுதி குளிர்விக்கும் கோபுரங்கள் வழியாகக் காற்றில் போய்விடும். மழைநீர் ஊறி அதை ஈடுகட்ட முடியாது. 1980களில் மேலும் மேலும் கிணறு போட்டதும், ஒரே இளநீரில் பல ஸ்ட்ரா போட்ட கதையாக, ஆவியின் அழுத்தம் சரிந்தது. பாறையோ சூடாகவே இருந்தது.

அப்புறம் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1997-இல் லேக் கவுண்டியிலிருந்தும், 2003-இல் சான்டா ரோசாவிலிருந்தும் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் கொண்டுவந்து கிணறுகளில் இறக்கினார்கள். அது பாறையில் பட்டு ஆவியாகி மேலே வருகிறது. சரிவு மட்டுப்பட்டது. தொல்லையும் உண்டு: குளிர்ந்த நீர் பட்டதும் பாறை சுருங்கி நகர்வதால் சிறு நில அதிர்வுகள் வருகின்றன. பெரும்பாலானவை கருவியில் மட்டுமே தெரியும், சிலவற்றை அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் உணர்கிறார்கள்.