"சிறு தாமதம்" என்று திருத்தியவர்களுக்கு

நேற்று ராத்திரி நடந்த கூத்து உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். இன்று காலையில், வாடிக்கையாளர்களுக்குப் போன "நோட்டீஸ் தெளிவா இல்லை" என்று என் தலையில் கட்டியதால் இதை எழுதுகிறேன்.

9.40க்கு இன்ஜினியர் சாட்டில் போட்டது இவ்வளவுதான்: "ரெப்ளிகா லேக் 40 நிமிஷம். ரைட் ஓகே. ரீட் ஸ்டேல். பாத்துட்டிருக்கோம்." அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த நேரத்தில் அவருக்கு அவ்வளவுதான் முடியும்.

ஆர்டர் பதிவாவது மெயின் டேட்டாபேஸில். "என் ஆர்டர்கள்" பக்கம் படிப்பது அதன் நகலான ரெப்ளிகாவில். நகல் 40 நிமிடம் பின்தங்கிவிட்டது. அதாவது ஆர்டர் பதிவாகிவிட்டது, பணமும் போய்விட்டது, பக்கத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது. தெரியவில்லை என்றால் மனுஷன் என்ன செய்வான்? மறுபடி போடுவான்.

அதனால் எழுதும் முன் இரண்டே கேள்வி கேட்டேன். ஒரு ஆர்டர்கூடத் தொலையவில்லையே? இல்லை. லேக் ஏறுதா, இறங்குதா? ஏறுது. அப்புறம் எழுதினேன்: "9 மணிக்குப் பிறகு நீங்கள் போட்ட ஆர்டர்கள் பதிவாகியுள்ளன. உங்கள் பக்கத்தில் தெரிய 40 நிமிடத்துக்கு மேல் ஆகலாம். தயவுசெய்து மறுபடி போட வேண்டாம். அடுத்த தகவல் 10.15க்கு."

வெளியே போனது: "சில வாடிக்கையாளர்களுக்குச் சிறு தாமதம் ஏற்படலாம். வருந்துகிறோம்."

சிலரா? எல்லாருக்கும்தான். ஏற்படலாமா? ஏற்பட்டு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதெல்லாம் போகட்டும். "மறுபடி போட வேண்டாம்" என்ற ஒரு வரியையாவது விட்டிருக்கலாமே! சப்போர்ட்டில் இருக்கும் தோழி இன்னும் இரட்டை ஆர்டர்களுக்குப் பணம் திருப்பிக்கொண்டிருக்கிறாள்.

"நீ மட்டும் தப்பே பண்ணாதவளா?" என்று கேட்பீர்கள். பண்ணியிருக்கிறேன். முன்பொரு தடவை இன்ஜினியரிடமிருந்து "ஃபிக்ஸ் போட்டாச்சு" என்று வந்ததை "சரியாகிவிட்டது" என்று எழுதிவிட்டேன். போட்டாச்சு என்றால் போட்டாச்சு, அவ்வளவுதான். வேலை செய்கிறதா என்று அவரே அப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருந்தார். அன்று வாங்கிய திட்டில்தான் இந்தக் கேள்வி கேட்கும் பழக்கமே வந்தது.

உண்மையைச் சொன்னால் வாடிக்கையாளர் பயந்துவிடுவாராம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் இதே மாதிரி பின்தங்கிய ரெப்ளிகாவைச் சரிசெய்யப் போய், தவறான சர்வரில் டேட்டாபேஸையே அழித்துவிட்டார்கள். சுமார் 6 மணி நேரத் தரவு போயிற்று. மீட்கும் வேலையைக் குறிப்புகளோடு எல்லாரும் பார்க்கத் திறந்து வைத்தார்கள். கடையைச் சாத்திவிட்டா போனார்கள்? நாம் ஒரு "சில" போடாமல் இருக்கப் பயப்படுகிறோம்.

சட்டப் பிரிவு ஒப்புக்கொள்ளாது என்கிறார்கள். நேற்று யாரும் அவர்களைக் கேட்கவே இல்லை. சரி, விடுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. "நீங்க வார்த்தையை அழகாக்குற ஆள்தானே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அழகாக்கியது யார்? "சிறு தாமதம்" என் வார்த்தை இல்லை.

10.15க்குப் போக வேண்டிய தகவலையும் எழுதி வைத்திருந்தேன். இன்னும் டிராஃப்டிலேயே கிடக்கிறது.