ஏர்போர்ட் போர்டில் இருக்கும் 84 ரூபாய் யாருக்கான விலை?

"ஏர்போர்ட் கவுன்ட்டர்ல டாலர் 84 ரூபாய்தான், வெளியில 90. போர்டு போட்டோவே இருக்கு, வாங்கி வெச்சுக்கோங்க!"

போர்டு போட்டோவோடு குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். 84 என்ற எண் WE BUY என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. அந்த "WE" கவுன்ட்டர்காரர், நாம் அல்ல. உங்கள் டாலரை அவர் வாங்கிக்கொண்டால் தரும் விலை அது. உங்களுக்கு அவர் டாலர் விற்கும் விலை பக்கத்தில் WE SELL என்பதன் கீழ் உள்ள 96.

போட்டோவின் அடியில், பாதி வெட்டுப்பட்ட நிலையில், இன்னொரு வரியும் தெரிகிறது: சேவைக் கட்டணம் 250 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அதாவது 295. இது ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உண்டு.

200 டாலர் வாங்கினால் 19,200 ரூபாயோடு 295 சேர்ந்து 19,495 கட்ட வேண்டும். பயணம் ரத்தாகி அதே 200 டாலரை அதே கவுன்ட்டரில் திருப்பிக் கொடுத்தால், 16,800-இல் 295 போக 16,505 கைக்கு வரும். டாலரைச் செலவழிக்காமலே 2,990 ரூபாய் போய்விடும். சிறு தொகை மாற்றுபவர்களைத்தான் இந்த நிலையான கட்டணம் அதிகம் கடிக்கும். 20 டாலருக்கும் அதே 295தான்.

அன்றைய டாலர் மதிப்பை ரிசர்வ் வங்கியின் rbi.org.in தளத்தில் ரெஃபரன்ஸ் ரேட் என்ற பெயரில் பார்க்கலாம். கவுன்ட்டரில், "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டு, ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் போட்டோவை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பிய குழுவில் இந்த விளக்கத்தைப் போட்டுவிடுங்கள்.