இரண்டு அறிக்கைகளுக்கு நடுவில் மறைந்த 72,500 ரூபாய்

எங்கள் பங்கின் அருட்பணிச் சபைக் கூட்டம் முடிந்து பதினெட்டு நாட்களுக்குப் பிறகு, கூட்டறிக்கை என்ற பெயரில் ஒரு படம் வட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. சீ.ஆர். கொப்பியின் ஒரு பக்கத்தை இரவு விளக்கொளியில் எடுத்த படம் அது. எடுத்தவரின் கை நிழல் சரியாகத் தொகைகள் எழுதப்பட்ட ஓரத்தில் விழுந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது, கட்டட நிதியைப் பற்றி அதில் இருந்தவை ஐந்தே ஐந்து வரிகள். "கணக்கறிக்கை வாசிக்கப்பட்டு, சபையால் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்ற வரிதான் அவற்றில் மிக நீளமானது. வாசித்தவர் யார், முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார், அன்று சபையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற விபரம் எதுவும் இல்லை.

பன்னிரண்டு வருடங்கள் கூட்டுறவுச் சங்கமொன்றில் பேரேடு எழுதியவன் என்பதால், எந்தக் கணக்கைக் கண்டாலும் முதலில் ஆரம்ப மீதியைத்தான் பார்ப்பேன். இந்த அறிக்கையின்படி ஜனவரி முதலாம் திகதி கட்டட நிதியின் ஆரம்ப மீதி 1,240,000 ரூபாய். ஆறு மாத வரவு 386,000. கூரைத் திருத்தச் செலவு 645,000. ஜூன் முடிவில் மீதி 981,000. கூட்டிக் கழித்துப் பார்த்தால் விடை சரியாகவே வரும். அதனால்தான் குழுவில் இருந்த நூற்றுச் சொச்சம் பேரும் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் அதற்கு முந்தைய அறிக்கையை நான் பத்திரமாக வைத்திருந்தேன். டிசம்பர் 31 அன்று அதே நிதியின் இறுதி மீதி 1,312,500 ரூபாய் என்று அதில் அதே கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு காலத்தின் இறுதி மீதிதான் அடுத்த காலத்தின் ஆரம்ப மீதி. இது கணக்குப் படித்தவர்களுக்கு மட்டும் தெரிந்த இரகசியம் அல்ல. சந்தியில் தேநீர்க் கடை வைத்திருப்பவருக்கும் இது தெரியும். டிசம்பர் 31 இரவு படுத்து ஜனவரி முதலாம் திகதி காலை எழும்புவதற்குள் 72,500 ரூபாய் எங்கே போனது?

பொருளாளரிடம் நேரில் போய்க் கேட்டேன். அவர் என் தகப்பனாரின் வயதை ஒத்தவர். நேர்மையானவர் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. "தம்பி, கோயில் காசில ஆரும் கை வைப்பினமோ? திருவிழாவுக்கு ஒலிபெருக்கி, பந்தல், லைற் எல்லாத்துக்கும் காசு காணேல்ல. கட்டட நிதியில எடுத்துக் குடுத்தனாங்கள்" என்றார்.

"ஐயா, கை வைச்சதெண்டு நான் சொல்லேல்ல. எடுத்ததை ஏன் எழுதேல்ல எண்டுதான் கேக்கிறன்" என்றேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

நடந்தது இதுதான். டிசம்பர் அறிக்கையை எழுதி முடித்த பிறகே திருவிழாக் கடன்காரருக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள். புதிய அரையாண்டுக் கணக்கைத் தொடங்கும்போது, பழைய அறிக்கையின் இறுதி மீதியை எடுத்து எழுதாமல், வங்கிப் புத்தகத்தில் அன்று மிஞ்சியிருந்த தொகையைப் பார்த்து எழுதிவிட்டார்கள். எனவே அந்த 72,500 ரூபாய் பழைய காலத்தின் செலவிலும் இல்லை, புதிய காலத்தின் செலவிலும் இல்லை. இரண்டு அறிக்கைகளுக்கு நடுவில் விழுகிற செலவு எந்த அறிக்கையிலும் ஒருபோதும் வராது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மட்டுமே அது அகப்படும். கடனாக எடுத்திருந்தால், கட்டட நிதிக்குத் திருவிழாக் கணக்கிலிருந்து வரவேண்டியது 72,500 என்று ஒரு வரி எழுதி, அது திரும்பி வரும்வரை ஒவ்வொரு அறிக்கையிலும் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி எழுதாதபடியால், அந்தக் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நினைவே இன்று சபையில் எவருக்கும் இல்லை.

இதை நான் சிறிய விடயமாக எடுக்க மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக விசுவாசிகள் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்று 1267ஆம் சட்டத்தில் தெளிவாகச் சொல்கிறது. விசுவாசிகள் கொடுத்தவற்றுக்கு அவர்களிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்று 1287ஆம் சட்டம் சொல்கிறது. "கோயிலில் வந்து கணக்குக் கேட்கிறான்" என்று என்னைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், அந்தக் கேள்வியைத் திருச்சபையே எனக்குத் தந்திருக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். எங்கள் பங்கில் பெரும்போக அறுவடை முடிந்தவுடன் ஒரு மூடை நெல்லைத் துவிச்சக்கர வண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்து, "இது கூரைக்கு" என்று சொல்லி இறக்கிவிட்டுப் போன ஓர் அம்மாவை நான் கண்ணால் கண்டேன். அவர் பந்தலுக்கு என்று சொல்லவில்லை. அந்த நெல் விற்ற காசுக்குப் பற்றுச்சீட்டும் எழுதப்படவில்லை.

இனிக் கூரைக்கு வருகிறேன். "கூரைத் திருத்த வேலை: 645,000" என்று ஒரே வரி. எத்தனை தகடு, என்ன நீளம், எத்தனை வளைமரம் மாற்றப்பட்டது, மேசன் கூலி எவ்வளவு, கூறுவிலை கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று ஒன்றும் இல்லை. 2022இல் தகடும் சீமெந்தும் என்ன பாய்ச்சல் பாய்ந்தன என்பதை அனுபவித்த ஊர் இது. திகதி போட்ட கூறுவிலை இல்லாமல் ஒரு தொகை நியாயமானதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இவ்வளவு செலவழித்த பிறகும் பீடத்துக்கு வலது பக்க மூலையில் ஒழுக்கு நிற்கவில்லை. நான் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். தகடுகள் புதியவை, நல்லவை. ஆனால் பழைய சுவரும் பின்னர் இறக்கிக் கட்டிய பகுதியின் கூரையும் சேருகிற இடத்தில், மடித்து அடிக்க வேண்டிய தகடு அடிக்கப்படவில்லை. சீமெந்தைப் பூசி விட்டிருக்கிறார்கள், வெயிலில் அது வெடித்து விரல் நுழையுமளவு பிளந்திருக்கிறது. சில இடங்களில் ஆணியைத் தகட்டின் மேட்டில் அடிக்காமல், தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் அடித்திருக்கிறார்கள். நேராகப் பெய்கிற மழைக்கு அந்த மூலை அவ்வளவாக ஒழுகாது. வடகீழ்க் காற்றோடு சாய்ந்து அடிக்கிற மழைக்குத்தான் நன்றாக ஒழுகும். அதனால்தான் மாசியில் வேலை முடிந்ததும் எல்லாரும் சரியென்று நினைத்தார்கள்.

மேசனைக் கூப்பிட்டு இதைத் திருத்தச் சொல்ல முடியவில்லை. சுவர் சேருமிடம் அவருடைய வேலையில் அடங்கியதா இல்லையா என்பது எந்தக் கூட்டறிக்கையிலும் பதியப்படவில்லை. அவர் "அது நான் பேசின வேலையில்ல" என்கிறார், சபை "பேசினதுதான்" என்கிறது. வன்னியில் கூரை வேலை செய்விக்கிறவர்கள், கூலியில் பத்திலொரு பங்கைப் பிடித்து வைத்து, முதல் மாரி கழிந்த பிறகு கொடுப்பது நல்லது. இங்கே முழுத் தொகையையும் வேலை முடிந்த அன்றே கொடுத்துவிட்டார்கள். அந்தத் தீர்மானத்தை எடுத்தது யாரென்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள்.

மூன்று விடயங்களைக் கேட்டுப் பங்குத்தந்தைக்கும் செயலாளருக்கும் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்: 72,500 ரூபாயைத் திருவிழாக் கணக்கின் கடனாகப் பதிய வேண்டும், 645,000 ரூபாயின் பற்றுச்சீட்டுகளைக் கோயில் அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும், வங்கிக் கூற்றின் பிரதியில்லாமல் இனி எந்தக் கணக்கையும் சபை ஏற்கக் கூடாது. செயலாளர் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார். அடுத்த கூட்டம் கார்த்திகையில். அதற்குள் மாரி தொடங்கிவிடும். பீடத்தின் வலது மூலையில் வைப்பதற்கு இப்போதே வீட்டிலிருந்து ஒரு பேசினைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.