“இது எந்த அலகு, டீச்சர்?”

வெள்ளவத்தையில் பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். என்னை அதிகம் வருத்தும் கேள்வி இந்தத் தலைப்பில் இருப்பதுதான்.

ஒவ்வோர் உறுப்பும் முந்தியதிலிருந்து ஒரே அளவால் மாறும் கூட்டல் விருத்தியை முடித்து அடுத்த வாரம், தலைப்பு எதுவும் போடாமல் ஒரு கணக்குக் கொடுத்தேன். ஆட்டோவுக்கு முதல் கிலோமீற்றருக்கு 120 ரூபா, பிறகு ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 90 ரூபா என்றால், 12 கிலோமீற்றருக்கு எவ்வளவு? முந்திய வாரப் பரீட்சையில் இருபதுக்குப் பதினெட்டு எடுத்த மாணவி 120, 210, 300 என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போனாள். இடையில் ஓரிடத்தில் தவறிவிட்டது. நிமிர்ந்து, “இது எந்த அலகு, டீச்சர்?” என்று கேட்டாள். “போன வாரம் படித்ததுதான்” என்றேன். அவ்வளவுதான். முதல் உறுப்பு a = 120, பொது வித்தியாசம் d = 90, உறுப்புகளின் எண்ணிக்கை n = 12 என்று எழுதி, 120 + 11 × 90 = 1110 என அரை நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

சூத்திரம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை எடுக்க வேண்டிய இடம் இதுதான் என்பது தெரியவில்லை. இவை இரண்டும் வெவ்வேறு அறிவு. நாம் முதலாவதை மட்டும் கற்பித்துவிட்டு இரண்டாவது தானாக வந்துவிடும் என்று நம்புகிறோம்.

அது தானாக வராது என்பதை மேரி கிக், கீத் ஹோல்யோக் என்ற உளவியலாளர்கள் 1980இல் காட்டினார்கள். ஒரு கோட்டைக்குப் போகும் வழிகளில் பெரும்படை போக முடியாது. ஆகவே தளபதி படையைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பல வழிகளில் அனுப்பி, கோட்டையில் ஒன்றுசேர்க்கிறான். இந்தக் கதையை வாசித்தவர்களிடம், சுற்றியுள்ள தசையைக் கெடுக்காமல் கதிர்களால் ஒரு கட்டியை அழிப்பது எப்படி என்று கேட்டார்கள். பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களைக் கட்டியில் குவிப்பதே விடை. தாமாகக் கதையை நினைத்துப் பார்த்து விடை கண்டவர்கள் பத்தில் மூவர் அளவே. “கதையைப் பயன்படுத்திப் பாருங்கள்” என்றதும் முக்கால்வாசிப் பேர் கண்டுபிடித்தார்கள்.

எங்கள் வகுப்புகளில் அந்தக் குறிப்பு எப்போதும் கிடைத்துவிடுகிறது. டியூட்டின் தலையில் “கூட்டல் விருத்தி” என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம். அதன் கீழ் உள்ள முப்பது கணக்குகளிலும் எண்கள்தாம் மாறுகின்றன. படித்ததை அதே தோற்றமுள்ள கணக்குக்குக் கொண்டுபோகும் இது அண்மை இடமாற்றம். பிள்ளை இதை நன்றாகச் செய்யும், நாமும் மகிழ்ந்துபோவோம். பாடமும் பொருளும் தோற்றமும் மாறி, தலைப்பும் இல்லாமல் போகும்போது அது தொலை இடமாற்றம். அதற்கு நாம் ஒரு நாள்கூடப் பயிற்சி கொடுப்பதில்லை. பிறகு “யோசிக்கத் தெரியாத பிள்ளைகள்” என்று பழியை அவர்கள் மேல் போடுவது அநியாயம்.

மிரியம் பசோக்கும் ஹோல்யோக்கும் 1989இல் செய்த ஆய்வு என் வகுப்பையே நேரில் பார்த்து எழுதியதுபோல் இருக்கும். கூட்டல் விருத்தி படித்தவர்களில் ஏறக்குறைய பத்தில் எழுவர், வேகம் ஒரே அளவால் கூடிக்கொண்டுபோகும் மாறா ஆர்முடுகல் கணக்கும் அதே வகைதான் என்று கண்டுகொண்டார்கள். அதையே பௌதிகவியலில் முதலில் படித்தவர்களில் விருத்திக் கணக்குக்குக் கொண்டுவந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். காசு, கதிரை, மரக்கன்று என்று பல பொருள்களில் பார்த்த சூத்திரம் ஒன்றிலும் ஒட்டிக்கொள்வதில்லை. வேகத்தோடு மட்டும் படித்த சூத்திரம் வேகத்தோடேயே ஒட்டிக்கொள்கிறது.

ஆகவே அடுத்த சனிக்கிழமை இரண்டு கணக்குகளை அருகருகே எழுதினேன். ஒன்று அந்த ஆட்டோ. மற்றது, 3 மீற்றர்/செக்கன் வேகத்தில் போகும் பஸ் ஒவ்வொரு செக்கனும் 2 மீற்றர்/செக்கனால் வேகம் கூட்டுகிறது. செக்கன்களின் முடிவில் வேகம் 5, 7, 9. விடை கேட்கவில்லை. “இரண்டிலும் ஒரே வேலையைச் செய்வது எது?” என்று மட்டும் கேட்டேன்.

90உம் 2உம் ஒன்று என்று அந்த மாணவி உடனே சொன்னாள். 120க்கு இணை 3 என்றாள். தொடக்கத்தில் இருப்பதெல்லாம் ஒன்று என்ற எண்ணம், எல்லாப் பிள்ளைகளும் சறுக்கும் இடம் இது. இரண்டையும் வரைபில் குறிக்கச் சொன்னேன். பஸ்ஸின் கோடு நிலைக்குத்து அச்சை 3இல் வெட்டியது. ஆட்டோவின் கோட்டைப் பின்னால் நீட்டினால் 30. நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “120க்கு இணை 5, டீச்சர். 3க்கு இணை இந்த 30” என்றாள். “ஆனால் 30 ரூபாவுக்கு யாரும் ஆட்டோவில் ஏற்ற மாட்டார்களே?” என்றும் கேட்டாள். மிகச் சரியான கேள்வி. கோடு 1 கிலோமீற்றரிலிருந்துதான் பொருந்தும். அதற்கு முன் கட்டணம் 120ஆகவே நிற்கும்.

இப்படி ஒப்பிட வைப்பதற்கு ஒரு மணித்தியாலம் போய்விட்டது. அந்த நேரத்தில் பத்துக் கடந்தகால வினாக்கள் செய்திருக்கலாம் என்று ஒரு பெற்றோர் குறைப்பட்டார். எனக்கு அந்த மணித்தியாலம் போனதில் வருத்தமே இல்லை. ஒரு மணித்தியாலத்தில் மூளை கூர்மையாகி எல்லாப் பாடமும் விளங்கிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஒரே கட்டமைப்பு உள்ள கணக்குகளை அடையாளம் காண்பது மட்டுமே இதில் வளரும்.

இரண்டு வாரம் கழித்து, வேறு கணக்குகளுக்கு நடுவே ஒன்றை வைத்தேன். 500 லீற்றர் நீருள்ள தாங்கியிலிருந்து நிமிடத்துக்கு 20 லீற்றர் வெளியேறுகிறது. அவள் எந்த அலகு என்று கேட்கவில்லை. பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, “பொது வித்தியாசம் மறை எண்ணாகவும் இருக்கலாமா, டீச்சர்?” என்றாள்.