டெஃப்லான் டேப் 20 சுத்தா?

குழாய் மாட்டும்போது மரையில சுத்துற டேப் பத்தி ஒருத்தர் சொன்னது: "டேப் எவ்ளோ சுத்துறோமோ அவ்ளோ நல்லது, நான் 20 சுத்துவேன், லீக்கே ஆகாது."

இது தப்புங்க. சுவத்துக்குள்ள இருக்குற எல்போ பிளாஸ்டிக் மரையா இருந்தா அவ்ளோ டேப்பும் ஆப்பு மாதிரி இறங்கி அதைப் பொளந்துடும், எங்க வீட்டுல இப்படித்தான் டைல்ஸையே உடைக்க வேண்டியதாச்சு. அரை இஞ்ச் குழாய்க்கு நல்ல டேப்னா 4, 5 சுத்து போதும், ரொம்ப மெல்லிசுன்னா 8 வரைக்கும் போலாம். மரை முனை உங்களைப் பாக்குற மாதிரி வச்சு கடிகார முள் திசையில இழுத்துப் பிடிச்சு சுத்துங்க, மாத்தி சுத்துனா முடுக்கும்போதே டேப் சுருண்டு வெளிய வந்துடும். முடுக்குனப்புறம் குழாய் நேரா நிக்கலன்னு பின்பக்கம் திருப்பாதீங்க, அங்கதான் கசிய ஆரம்பிக்கும், கழட்டி புதுசா சுத்தணும். கனெக்ஷன் ஹோஸுக்கு டேப்பே வேணாம், அங்க தண்ணிய நிறுத்துறது வாஷர்.